ஃபாரெக்ஸ் செஷன்கள்: லிக்விடிட்டி எப்போது உச்சம், ஸ்பிரெட் ஏன் நேரத்துக்கு நேரம் மாறுகிறது? முழுமையான வழிகாட்டி

இந்திய நேரப்படி மாலை 6:45க்கு யூரோ–டாலரில் ஒரு லாட் வாங்கி, அடுத்த நொடியே விற்றுவிடுகிறீர்கள் என்று வையுங்கள். 6 டாலர் கையை விட்டுப் போகிறது. இதையே விடியற்காலை 2:35க்குச் செய்தால் 50 டாலர்கூடப் போகலாம். ஒரு லாட் என்பது 1,00,000 யூரோ. விலையின் நான்காவது தசம இடம் ஒரு பிப். ஒரு பிப் நகர்ந்தால் ஒரு லாட்டுக்கு 10 டாலர். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, அதாவது ஸ்பிரெட், முதல் நேரத்தில் 0.6 பிப்பாகவும் இரண்டாவது நேரத்தில் 5 பிப்பாகவும் இருந்ததால் வந்த வித்தியாசம் இது.

பலரும் இதைப் பார்த்ததும் புரோக்கர்மேல் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகப்பட வேண்டிய புரோக்கர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் நேர்மையான புரோக்கரிடமும் அந்த நேரத்தில் ஸ்பிரெட் விரியத்தான் செய்யும். ஏன் விரிகிறது, எப்போது விரியும், உங்கள் கணக்கில் எவ்வளவு விரிகிறது என்பதை எப்படி அளப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு யூரோ–டாலரையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். உலகில் அதிகம் கைமாறும் ஜோடி அதுதான். அதன் ஒரு நாள் புரிந்துவிட்டால் மற்ற ஜோடிகளுக்கு அங்கங்கே திருத்தம் போட்டுக்கொண்டால் போதும்.

படி 1: ஸ்பிரெட்டை வைப்பவரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்

செஷன் நேரங்களை, அதாவது டோக்கியோ, லண்டன், நியூயார்க் டீலர்கள் வேலை செய்யும் நேரங்களை, மனப்பாடம் செய்வதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். நாணயச் சந்தைக்குப் பங்குச் சந்தை போல ஒரே எக்ஸ்சேஞ்ச் கிடையாது. பெரிய வங்கிகளும், கணினி மூலம் விலை சொல்லும் நிறுவனங்களும் "இந்த விலைக்கு வாங்குகிறேன், இந்த விலைக்கு விற்கிறேன்" என்று இடைவிடாமல் இரண்டு விலை சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இவர்களை மார்க்கெட் மேக்கர் என்கிறோம். உங்கள் திரையில் வரும் ஸ்பிரெட் இவர்களிடமிருந்து கிளம்பி, புரோக்கரின் பங்கும் சேர்ந்து வருவது.

ஒரு ஃபண்ட் 1 கோடி யூரோவை மார்க்கெட் மேக்கரிடம் விற்கிறது. இப்போது அந்த யூரோ அவர் தலையில். அவருக்கு அதை வைத்திருக்க ஆசையில்லை. யாரிடமாவது தள்ளிவிட வேண்டும். லண்டன் பிற்பகலில், யூரோ வாங்க வருபவர்கள் அவருடைய வாடிக்கையாளர்களிலேயே இருப்பார்கள். வெளியே போகாமலேயே சில நொடிகளில், மிஞ்சினால் ஒன்றிரண்டு நிமிடங்களில் கணக்கு நேராகிவிடும். நியூயார்க் மூடி டோக்கியோ இன்னும் விழிக்காத நேரத்தில் அதே 1 கோடியை விற்றுத் தீர்க்க அதிக நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க விலை அவருக்கு எதிராக நகரலாம். விற்றுத் தீர்க்க ஆகும் நேரம் 4 மடங்கானால், அதற்குள் விலை அலையக்கூடிய தூரம் ஏறக்குறைய 2 மடங்காகும். இந்த அபாயத்துக்கு அவர் கேட்கும் கூலிதான் ஸ்பிரெட்.

இன்னொரு பயமும் அவருக்கு உண்டு. தன்னிடம் விற்க வருபவருக்குத் தனக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்குமோ என்பது. பகலில் ஆயிரம் பேர் ஆயிரம் காரணங்களுக்காக வருகிறார்கள்: இறக்குமதியாளர், சுற்றுலா நிறுவனம், ஈவுத்தொகை அனுப்புபவர். அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவர் கரைந்துவிடுவார். ஆள் நடமாட்டமே இல்லாத நேரத்தில் ஒரு பெரிய ஆர்டர் வந்தால், "இவர் ஏன் காத்திருக்காமல் இப்போதே விற்கிறார்?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கும் ஸ்பிரெட்டில் விலை உண்டு.

ஆக, ஸ்பிரெட்டைத் தீர்மானிப்பவை மூன்று: எவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட முடியும், அதாவது லிக்விடிட்டி எவ்வளவு, அதற்குள் விலை எவ்வளவு ஆடும், எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும். செஷன் என்பது முதலாவதை மாற்றுகிறது. செய்தி வெளியாகும் நேரம் மற்ற இரண்டையும் மாற்றுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே தானாக விளங்கும்.

படி 2: உங்கள் கடிகாரத்தை லண்டனோடும் நியூயார்க்கோடும் பொருத்துங்கள்

சர்வதேச தீர்வு வங்கியின் 2025 கணக்கெடுப்பின்படி, நாளொன்றுக்குச் சுமார் 9.6 லட்சம் கோடி டாலர் மதிப்புக்கு நாணயங்கள் கைமாறுகின்றன. அதில் பிரிட்டனின் பங்கு சுமார் 38 சதவீதம், அமெரிக்காவினுடையது சுமார் 19. சிங்கப்பூரும் ஹாங்காங்கும் அடுத்த இடங்களில் இருக்கின்றன. பாதிக்கு மேல் இரண்டே நாடுகளில் நடக்கிறது என்றால், அந்த இரண்டு நாடுகளிலும் டீலர்கள் ஒரே சமயத்தில் மேசையில் இருக்கும் நேரம்தான் உச்சமாக இருக்க முடியும். லண்டனின் காலை ஆசியாவின் மாலையைத் தொடுகிறது. அதன் பிற்பகல் நியூயார்க்கின் காலையைத் தொடுகிறது. நடுவில் உட்கார்ந்திருப்பதே அதன் பலம்.

இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன; வருடம் முழுக்க மாறுவதில்லை. ஜப்பானும் மாற்றுவதில்லை. லண்டனும் நியூயார்க்கும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகின்றன. அதனால் நமக்கு இரண்டு அட்டவணை தேவை.

| நிகழ்வு | அவர்களின் கோடையில் நம் நேரம் | அவர்களின் குளிர்காலத்தில் நம் நேரம் |
|---|---|---|
| டோக்கியோ காலை 9 | காலை 5:30 | காலை 5:30 |
| லண்டன் காலை 8 | பகல் 12:30 | பகல் 1:30 |
| நியூயார்க் காலை 8 | மாலை 5:30 | மாலை 6:30 |
| லண்டன் மாலை 4, அன்றைய பொது விலையை எடுக்கும் ஃபிக்ஸிங் | இரவு 8:30 | இரவு 9:30 |
| நியூயார்க் மாலை 5, நாள் முடிவு | விடியற்காலை 2:30 | விடியற்காலை 3:30 |

கவனமாக இருக்க வேண்டிய வாரங்கள் இரண்டு தடவை வரும். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறது. பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் மாற்றுகின்றன. திரும்பும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. இந்த இடைப்பட்ட நாட்களில் நியூயார்க் கோடை நேரத்திலும் லண்டன் குளிர்கால நேரத்திலும் இருக்கும். நியூயார்க் மாலை 5:30க்கே வந்துவிடும். லண்டன் ஃபிக்ஸிங் இரவு 9:30க்குத்தான் நடக்கும். உச்ச நேரம் ஒரு மணி நேரம் நீள்கிறது. "இந்த வாரம் சந்தை வழக்கத்தைவிடச் சீக்கிரமே சூடாகிவிட்டது" என்று மார்ச் நடுவில் தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படி 3: ஒரு நாளை நடந்து பாருங்கள்

டோக்கியோவில் தொடங்குவோம். காலை 5:30க்கு டோக்கியோ, அடுத்து சிங்கப்பூர், ஹாங்காங் என்று ஆசியா முழுக்க விழிக்கிறது. நம் நேரம் 6:25க்கு, அதாவது டோக்கியோவில் 9:55க்கு, ஜப்பானிய வங்கிகள் அன்றைய வாடிக்கையாளர் விலையை நிர்ணயிக்கின்றன. இறக்குமதி நிறுவனங்களுக்கு டாலர் தேவைப்படுவதால் அதற்குச் சற்று முன் டாலர்–யென் சுறுசுறுப்பாகும். மாதத்தில் 5, 10, 15 என்று ஐந்தின் மடங்கில் வரும் தேதிகளில் கணக்குத் தீர்க்கும் வழக்கம் அங்கே இருப்பதால் அந்த நாட்களில் இது இன்னும் கூடும். யென், ஆஸ்திரேலிய டாலர் பார்ப்பவர்களுக்கு இது நல்ல நேரம்.

யூரோ–டாலருக்கு? இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆசிய நேரத்தில் யூரோ–டாலர் ஸ்பிரெட் லண்டன் நேரத்தைவிடப் பெரிதாக விரிந்திருக்காது. உங்கள் திரையில் 0.6க்குப் பதில் 0.8 தெரியலாம், அவ்வளவுதான். மாறுவது ஆழம். லண்டன் பிற்பகலில் அந்த முதல் விலைக்கு நிற்கும் தொகை பெரிது; டோக்கியோ நண்பகலில் அதே விலைக்கு நிற்கும் தொகை சிறிது. ஒரு லாட் வாங்குபவருக்கு இது தெரியவே தெரியாது. 2 கோடி யூரோ வாங்க வேண்டிய நிறுவனத்துக்கு, முதல் விலையில் கொஞ்சம், அடுத்த விலையில் கொஞ்சம் என்று ஏணி ஏற வேண்டியிருக்கும். ஸ்பிரெட் என்பது லிக்விடிட்டியின் ஒரு முகம் மட்டுமே. சிறிய கணக்கு வைத்திருப்பவர் ஆசிய நேரத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் விலை அதிகம் நகர்வதில்லை என்பதுதான் அவருக்கான கேள்வி: 8 பிப் நகர்வைப் பிடிக்கப் போய் 1 பிப் செலவு செய்வதும், 40 பிப் நகர்வுக்கு 1 பிப் செலவு செய்வதும் ஒன்றல்ல.

கோடையில் காலை 11:30க்கு ஃபிராங்ஃபர்ட் 8 மணிக்கு வந்துவிடும். லண்டனில் அப்போது 7. டீலர்கள் மேசைக்கு வரத் தொடங்கும் நேரம் அது. பிரிட்டனின் பணவீக்கம், ஜிடிபி போன்ற புள்ளிவிவரங்களும் லண்டன் காலை 7 மணிக்கே வெளியாகின்றன. இரவு முழுக்க ஆசியாவில் ஒரு சிறு எல்லைக்குள் சுற்றிய விலை, அந்த எல்லைக்கு வெளியே காத்திருக்கும், குறித்த விலை வந்ததும் தானாகச் செயல்படும் ஸ்டாப் ஆர்டர்களைத் தொட்டு இந்த நேரத்தில் துள்ளுவது வழக்கம். பிறகு பகல் 12:30 முதல் சந்தை நிதானமாக ஆழமாகும்.

மாலை 5:30க்கு நியூயார்க் வருகிறது. கோடைக் கணக்கில் 5:30 முதல் 8:30 வரையிலான மூன்று மணி நேரம்தான் நாளின் உச்சம். இரு கரைகளின் வங்கிகளும் விலை சொல்கின்றன; ஐரோப்பிய நிறுவனங்கள் அன்றைய வேலையை முடிக்கப் பார்க்கின்றன; அமெரிக்க நிறுவனங்கள் தொடங்குகின்றன. 7:30க்கு, நியூயார்க் காலை 10 மணிக்கு, குறித்த விலைக்கு, அதாவது ஸ்டிரைக் விலைக்கு, வாங்கவோ விற்கவோ உரிமை தரும் நாணய ஆப்ஷன்கள் காலாவதியாகின்றன. பெரிய ஆப்ஷன் ஒன்றின் ஸ்டிரைக் விலை பக்கத்தில் இருந்தால் சந்தை அந்த விலையை ஒட்டியே சுற்றிக்கொண்டிருக்கும். 8:30க்கு லண்டன் ஃபிக்ஸிங். உலகெங்கும் உள்ள இண்டெக்ஸ் ஃபண்டுகள் தங்கள் வெளிநாட்டுச் சொத்துகளை மதிப்பிட அந்த விலையையே எடுத்துக்கொள்கின்றன, அதனால் அந்த நேரத்திலேயே வாங்கவும் விற்கவும் விரும்புகின்றன. மாதக் கடைசி வேலை நாளில் இந்த ஓட்டம் மிகப் பெரிது. அந்த விலையை எடுக்கும் கால அளவு முன்பு ஒரு நிமிடமாக இருந்தது. டீலர்கள் கூடிப் பேசி அதை வளைத்தது வெளிவந்து பெரிய அபராதங்கள் விதிக்கப்பட்ட பிறகு, 2015 பிப்ரவரியில் ஐந்து நிமிடமாக்கினார்கள். மாதக் கடைசியில் எந்தச் செய்தியும் இல்லாமல் 8:30ஐ ஒட்டி விலை ஒரே பக்கம் ஓடினால், அதில் கருத்து எதுவும் இல்லை. ஃபண்டுகளின் கணக்கு வேலை அது. பின்னாலேயே ஓட வேண்டாம்.

ஃபிக்ஸிங் முடிந்ததும் லண்டன் கலையத் தொடங்கும். நியூயார்க் பிற்பகல், அதாவது நமக்கு இரவு 10 மணிக்கு மேல், சந்தை மெலிந்துகொண்டே போகும். அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி அறிவிப்பு நியூயார்க் பிற்பகல் 2 மணிக்கு வருவது இங்கே நினைவிருக்கட்டும்: கோடையில் நம் நேரம் இரவு 11:30. மிகப் பெரிய செய்தி, மெலிந்த சந்தையில் விழுகிறது.

படி 4: நியூயார்க் மாலை 5 மணியைத் தனியாகக் குறித்து வையுங்கள்

இந்த ஒரு மணி நேரத்தைப் புரிந்துகொள்வது மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிடப் பயன் தரும்.

நாணயச் சந்தையின் நாள் நியூயார்க் மாலை 5 மணிக்கு மாறுகிறது. அந்த நொடியில் உடனடித் தீர்வு ஒப்பந்தங்களின் பணம் தீரும் தேதி ஒரு வேலை நாள் தள்ளிப்போகிறது. இதை ரோல்ஓவர் என்கிறோம். வங்கிகளின் கணினிகள் நாள் முடிவுக் கணக்கை ஓட்டுகின்றன. சில விலை சொல்வதையே சற்று நிறுத்துகின்றன. நியூயார்க் டீலர் கிளம்பிவிட்டார். வடக்கின் கோடையில் அப்போது டோக்கியோவில் காலை 6, சிட்னியில் 7, வெலிங்டனில் 9. முழு மேசையோடு இருப்பது நியூசிலாந்து மட்டும்தான். படி 1இல் சொன்ன மார்க்கெட் மேக்கர் இப்போது யூரோவை வாங்கிவிட்டால் யாரிடம் தள்ளுவார்? அதனால்தான் யூரோ–டாலரே பல பிப்களுக்கு விரிகிறது. பவுண்ட்–நியூசிலாந்து டாலர் போன்ற ஜோடிகள் இன்னும் மோசமாக விரியும்.

இது எப்படி ஒரு கணக்கைக் காயப்படுத்துகிறது என்பதை எண்களோடு பார்ப்போம். யூரோ–டாலரை 1.1000இல் ஒரு லாட் விற்று வைத்திருக்கிறீர்கள். ஸ்டாப் லாஸ் 1.1010. விடியற்காலை 2:29க்கு சந்தையின் நடு விலை 1.1007. ஸ்பிரெட் 0.8 பிப், ஆகவே உங்களால் விற்க முடிகிற பிட் விலை 1.10066, வாங்க முடிகிற ஆஸ்க் விலை 1.10074. ஸ்டாப் தொட இன்னும் இரண்டரைப் பிப் பாக்கி.

2:31க்கு நடு விலை அசையவில்லை, அதே 1.1007. ஆனால் ஸ்பிரெட் 8 பிப்பாக விரிந்துவிட்டது. இப்போது பிட் 1.1003, ஆஸ்க் 1.1011. விற்றவர் வெளியே வர வாங்கியாக வேண்டும். வாங்குவது ஆஸ்க் விலைக்கு. ஸ்டாப் தொடப்பட்டு 1.1011இல் முடிகிறது. நஷ்டம் 11 பிப், 110 டாலர்.

காலையில் எழுந்து சார்ட்டைத் திறந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். மெட்டாடிரேடர் போன்ற மென்பொருளில் சார்ட் வழக்கமாக பிட் விலையை வைத்தே வரையப்படும். அந்த நிமிடத்தில் பிட் 1.10066இலிருந்து 1.1003க்கு இறங்கியிருக்கிறது. அதாவது விலை உங்களுக்குச் சாதகமாகக் கீழே போனதாகப் படம் காட்டும். ஆனால் ஸ்டாப் அடித்திருக்கும். சார்ட் அமைப்புகளில் ஆஸ்க் கோட்டைக் காட்டும் வசதியைப் போட்டு வைப்பது இதற்காகத்தான். ஆனால் அது அந்த நேரத்து ஆஸ்க்கை மட்டுமே காட்டும். நடந்து முடிந்ததைப் பார்க்க, ஒவ்வொரு விலை மாற்றத்தையும் பதிந்து வைக்கும் டிக் தரவுக்குப் போக வேண்டும், அது படி 6இல் வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். நியூயார்க் மாலை 4:55 முதல் 6 மணி வரை புதிதாக எதையும் திறக்காதீர்கள். இரவு தாண்டி வைத்திருக்கும் பொசிஷனின் ஸ்டாப் விலைக்கு மிக அருகில் இருந்தால், நேரம் வருவதற்கு முன் ஒன்று மூடுங்கள், அல்லது அளவைக் குறைத்து ஸ்டாப்பைத் தள்ளி வையுங்கள். அளவைக் குறைக்காமல் ஸ்டாப்பை மட்டும் தள்ளுவது நஷ்டத்தைப் பெரிதாக்கும் வேலை.

மெலிந்த நேரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016 அக்டோபர் 7 சான்று. நம் நேரம் விடியற்காலை 4:37. லண்டனில் நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடம். பவுண்ட் சில நிமிடங்களில் டாலருக்கு எதிராக ஏறக்குறைய 9 சதவீதம் விழுந்து, சீக்கிரத்திலேயே பெரும்பகுதி திரும்ப ஏறியது. சர்வதேச தீர்வு வங்கியின் குழு இதை ஆராய்ந்து, ஒரே காரணத்தைச் சுட்டவில்லை. ஆனால் அந்த நேரமே முக்கியப் பங்கு வகித்ததாகச் சொன்னது. விலை வேகமாக இறங்கியதும் சிகாகோ எக்ஸ்சேஞ்சின் தானியங்கிப் பாதுகாப்பு பவுண்ட் ஃபியூச்சர்ஸ் வணிகத்தைச் சற்று நிறுத்தியது. அந்த ஃபியூச்சர்ஸ் விலையைப் பார்த்தே விலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பார்வை இழந்தது போலாகி ஒதுங்கினார்கள். ஒருவர் ஒதுங்கினால் அடுத்தவரின் சுமை கூடும், அவரும் ஒதுங்குவார். 2019 ஜனவரி 3 அன்றும், ஜப்பான் புத்தாண்டு விடுமுறையில் இருக்கும்போது, ஏறக்குறைய இதே நேரத்தில் யென் துள்ளியது.

படி 5: அதிக வணிகம் நடக்கும் நிமிடமும் மலிவான நிமிடமும் ஒன்றல்ல

அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை, பணவீக்கம் போன்றவை நியூயார்க் காலை 8:30க்கு வருகின்றன. கோடையில் நமக்கு மாலை 6 மணி. உச்ச நேரத்தின் நட்ட நடுவே. அப்படியென்றால் ஸ்பிரெட் மிகக் குறைவாக இருக்க வேண்டுமே? இருக்காது. 5:59க்கே மார்க்கெட் மேக்கர்கள் விலைகளை இழுத்துக்கொள்வார்கள். எண் வெளியான நொடியில் யார் கணினி முதலில் படிக்கிறதோ அவருக்கு விஷயம் தெரியும்; மெதுவாக விலை மாற்றுபவர் பலியாவார். அந்த நிமிடத்தில் கைமாறும் தொகை மிகப் பெரிது, ஸ்பிரெட்டும் பெரிது. சில நிமிடங்களில் விலை ஓரளவு நிலைகொண்டதும் ஸ்பிரெட் பழைய இடத்துக்குத் திரும்பும், ஆழம் திரும்ப இன்னும் சற்று நேரம் எடுக்கும். செய்திக்கு வணிகம் செய்வது உங்கள் முறை இல்லையென்றால், 6 மணிக்கு இரண்டு நிமிடம் முன்பிருந்து பத்து நிமிடம் பின்புவரை கையைக் கட்டிக்கொள்வது போதும்.

உச்ச நேரம் பாதுகாப்பு தரும் என்றும் நினைக்க வேண்டாம். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தான் காத்துவந்த தளத்தைக் கைவிடுவதாக அறிவித்தது சூரிச்சில் காலை 10:30க்கு, நம் நேரம் பகல் 3 மணிக்கு. லண்டன் முழு வீச்சில் இருந்த நேரம். இருந்தும் ஃபிராங்கில் விலை சொல்ல ஆளே இல்லாமல் போனது. நேரத்தைப் பார்த்துச் செலவைக் குறைக்கலாம். இப்படிப்பட்ட திடீர் முடிவுக்கு எதிராக அளவைச் சிறிதாக வைப்பது மட்டுமே உதவும்.

படி 6: உங்கள் சொந்த ஸ்பிரெட்டை அளந்து பாருங்கள்

புரோக்கரின் இணையதளத்தில் "0.1 பிப்பிலிருந்து" என்று போட்டிருக்கும். அது நாளின் சிறந்த நொடி. உங்களுக்கு வேண்டியது மணிவாரியான நிஜம். மெட்டாடிரேடர் 5இல் `Ctrl+U` அழுத்தி, யூரோ–டாலரைத் தேர்ந்தெடுத்து, `Ticks` பகுதியில் கடந்த நான்கைந்து வாரங்களைக் கேட்டு, `EURUSD.csv` என்ற பெயரில் சேமியுங்கள். பிறகு பைத்தானில்:

```python
import pandas as pd
d = pd.read_csv("EURUSD.csv", sep="\t")
c = ["<BID>", "<ASK>"]
d[c] = d[c].ffill()
t = pd.to_datetime(d["<DATE>"] + " " + d["<TIME>"])
s = (d["<ASK>"] - d["<BID>"]) * 10000
print(s.groupby(t.dt.hour).quantile([.5, .95]).unstack())
```

பிட் மட்டும் மாறிய வரியில் ஆஸ்க் காலியாக இருக்கும். `ffill` அதை முந்தைய மதிப்பால் நிரப்புகிறது. அது இல்லாமல் ஓட்டினால் பாதி வரிகள் காணாமல் போகும். யென் ஜோடிகளுக்கு 10000க்குப் பதில் 100 போடுங்கள்.

வரும் அட்டவணையில் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு எண்: நடு மதிப்பு, மற்றும் 100 டிக்குகளில் 95 அதற்குள் அடங்கும் உயர் மதிப்பு. மணிநேரம் என்பது புரோக்கரின் சர்வர் நேரம். பல புரோக்கர்கள் அதை நியூயார்க்கைவிட 7 மணி நேரம் முன்னால் வைக்கிறார்கள். அப்போதுதான் நியூயார்க் மாலை 5 சரியாக 00:00 ஆகி, நாள் கேண்டில் அங்கே முடியும். உங்கள் புரோக்கரும் அப்படியே என்றால், 0 என்ற வரி ரோல்ஓவர் மணி. 15, 16, 17 ஆகிய வரிகள் உச்ச நேரம்.

எப்படிப் படிப்பது? 15ஆம் மணியில் நடு மதிப்பு குறைவாகவும் உயர் மதிப்பு சற்றே தூக்கலாகவும் இருந்தால், 15:30க்கு வரும் அமெரிக்கப் புள்ளிவிவரம்தான் காரணம், இயல்பே. 0ஆம் மணியில் இரண்டுமே உயர்ந்திருப்பதும் இயல்பு. சந்தேகப்பட வேண்டியது வேறு இடத்தில்: 10 முதல் 18 வரையிலான மணிகளில், செய்தியே இல்லாத நாட்களிலும் உயர் மதிப்பு நடு மதிப்பைப் போலப் பல மடங்கு இருந்தால், அல்லது ரோல்ஓவருக்குப் பிறகு ஸ்பிரெட் சுருங்காமல் டோக்கியோ நண்பகல்வரை விரிந்தே கிடந்தால், அது சந்தையின் குணமல்ல. இன்னொரு புரோக்கரின் டெமோ கணக்கில் அதே வாரங்களை எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஒரு எல்லை: இது டிக்குகளை எண்ணுகிறது, நேரத்தை அல்ல. ரோல்ஓவரின் அமைதியான நிமிடங்களில் டிக்குகள் குறைவு என்பதால் அந்த மோசமான நிமிடங்கள் மணிச் சராசரியில் கரைந்துவிடும். அந்த ஒரு மணியை மட்டும் நிமிடவாரியாகப் பிரித்துப் பாருங்கள். கடைசி வரியில் `s.groupby(t.dt.hour)` என்பதை `s[t.dt.hour == 0].groupby(t.dt.strftime("%H:%M"))` என்று மாற்றினால் போதும்.

படி 7: இந்தியாவில் இருப்பவர்களுக்கு

இந்தியாவில் வசிப்பவர் அனுமதி பெறாத வெளிநாட்டு இணையத் தளங்களில் ஃபாரெக்ஸ் வணிகம் செய்வதற்கு ஃபெமா சட்டம் இடம் தரவில்லை. எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை ஆர்.பி.ஐ. வெளியிட்டு வருகிறது. அங்கீகரிக்கப்பட்ட வழி என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற எக்ஸ்சேஞ்சுகள். அங்கும் 2024 மே 3 முதல் தெளிவாகிவிட்ட விதி, உங்களுக்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்க வேண்டும் என்பது. 10 கோடி டாலர்வரை ஆவணம் காட்டத் தேவையில்லை என்றாலும் அந்த வரவு செலவு இருந்தாக வேண்டும். ரூபாய் ஜோடிகள் மாலை 5 வரை, யூரோ–டாலர் போன்றவை இரவு 7:30 வரை. லண்டன் ஃபிக்ஸிங் இந்த நேரத்துக்கு வெளியே விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்குப் பின்னலாடை அனுப்பி யூரோவில் பணம் பெறுபவருக்கு இந்தப் பாடம் நேரடியாக உதவும். வங்கி சொல்லும் யூரோ–ரூபாய் விலை இரண்டு விலைகளின் பெருக்கல்: யூரோ–டாலர், டாலர்–ரூபாய். வங்கிகளுக்கிடையிலான ரூபாய்ச் சந்தை காலை 9 முதல் பிற்பகல் 3:30 வரை. காலை 9:30க்கு விலை கேட்டால் டாலர்–ரூபாய்ப் பாதி உயிரோடு இருக்கும், யூரோ–டாலர் பாதி ஆசிய ஆழத்தில்தான் இருக்கும்; ஃபிராங்ஃபர்ட்டில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். இரண்டும் ஒருசேர ஆழமாக இருப்பது கோடையில் பகல் 12:30 முதல் 3:30 வரை, குளிர்காலத்தில் 1:30 முதல் 3:30 வரை. பெரிய தொகைக்கு டீலிங் ரூமிடம் நேரடியாகப் பேசி விலை வாங்குபவருக்கு இந்த இரண்டு மூன்று மணி நேரம் முக்கியம். கிளையில் ஒட்டியிருக்கும் கார்டு ரேட்டில் மாற்றுபவருக்கு அல்ல: அதில் வங்கி வைக்கும் மார்ஜின், சந்தை ஸ்பிரெட்டைப் போலப் பல மடங்கு. அவர் முதலில் பேரம் பேச வேண்டியது நேரத்தைப் பற்றியல்ல, மார்ஜினைப் பற்றி.

படி 8: விடுமுறைகளைக் காலண்டரில் ஏற்றுங்கள்

மேலே சொன்ன நேரங்கள் எல்லாம் டீலர்கள் மேசைக்கு வரும் நாட்களுக்கு மட்டுமே. ஆகஸ்ட் கடைசித் திங்கள் லண்டன் விடுமுறை. அன்று பகல் முழுக்க ஐரோப்பா அரைத் தூக்கத்தில் இருக்கும். செப்டம்பர் முதல் திங்கள் அமெரிக்க விடுமுறை. லண்டன் மதியத்தோடு சந்தை அடங்கிவிடும். மே கடைசித் திங்களன்று இரண்டு நாடுகளுக்கும் சேர்ந்தே விடுமுறை: அன்று மாலை 5:30 முதல் 8:30 வரை உச்ச நேரம் என்று ஒன்று கிடையாது. டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரையிலும் ஆழம் திரும்பாது. படி 6இல் அளக்கும்போது இந்த நாட்களைத் தரவிலிருந்து நீக்கிவிட்டு ஓட்டுங்கள். பிறகு இவற்றை மட்டும் தனியாக ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.